அரிப்பை அடக்கும் களிம்பும் அடங்காத படர்தாமரையும்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் தோல் நோய்ப் பிரிவில் ஒரே வகையான முறையீடு பெருகுகிறது. தொடை இடுக்கில் அரிப்பு, சிவந்த தடிப்பு, வியர்த்தால் எரிச்சல், இரவில் உறக்கமின்மை. ஆடி, ஆவணி கடந்து மழைக்காலப் புழுக்கம் தணியும் வரை இந்த வரிசை குறைவதில்லை. வருவோரில் பலர் கூச்சத்துடன் வருகின்றனர். நோயைச் சொல்லுமுன் சட்டைப்பையிலிருந்து கசங்கிய களிம்புக் குழாய் ஒன்றை எடுத்து மேசைமேல் வைக்கின்றனர். “இதைப் போட்டால் இரண்டே நாளில் நின்றுவிடுகிறது, ஐயா. விட்டால் மறுபடி வந்துவிடுகிறது” என்பதே அவர்கள் சொல்லும் முதல் வாக்கியம்.

இக்கட்டுரை அந்தக் குழாயைப் பற்றியது. தொடை இடுக்குப் படர்தாமரை ஒரு பழைய நோய். முறையாக மருத்துவம் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடக்கூடியது. அது இன்று மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடிப்பதற்கு வெயிலையும் வியர்வையையும் மட்டும் குறை கூற இயலாது. மருந்துக் கடையில் கேட்டவுடன் கைக்கு வரும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளே அதன் முதன்மையான காரணங்களுள் ஒன்று என்பது எங்கள் உறுதியான கருத்து. அவ்வாறு நாங்கள் கருதுவதன் காரணங்களையும், அவற்றுக்கு மாற்றாகச் செய்ய வேண்டியதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இடுக்கில் பூஞ்சை வளர்வது எவ்வாறு?

நம் தோலின் மேற்பகுதியில் உயிரற்ற செல்களாலான மெல்லிய அடுக்கு ஒன்று உள்ளது. அதில் நிறைந்திருப்பது கெரட்டின் என்னும் புரதம். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைகள் இந்தக் கெரட்டினையே உணவாகக் கொள்கின்றன. வியர்வை ஊறி, காற்றுப் படாமல், தோலோடு தோல் உரசிக்கொண்டிருக்கும் தொடை இடுக்கு அவற்றுக்கு மிகவும் உகந்த இடம். இறுக்கமான ஜீன்ஸ், உலராத உள்ளாடை, அடுப்படியிலோ வாகன இருக்கையிலோ நெடுநேரம் வேலை, மிகுந்த உடற்பருமன், கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகியவை அந்த ஈரத்தையும் வெப்பத்தையும் கூட்டுகின்றன.

பூஞ்சை ஒரு புள்ளியில் தொடங்கி வெளிநோக்கி வட்டமாகப் பரவுகிறது. ஆகவே நடுப்பகுதி சற்றே தெளிந்தும், விளிம்பு சிவந்து தடித்தும், அதன்மேல் நுண்ணிய செதில்களும் சிறு கொப்புளங்களும் கொண்டும் காணப்படும். ‘படர்தாமரை’ என்ற பெயருக்கு இந்தப் பரவலே பொருத்தம். சில ஊர்களில் ‘வண்டுகடி’ என்றும் சொல்வர். வண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். சிவப்பும் அரிப்பும் பூஞ்சை நேரடியாகச் செய்யும் வேலைகள் அல்ல. பூஞ்சையை வெளியேற்ற நம் உடலின் எதிர்ப்பாற்றல் நடத்தும் போரின் அடையாளங்கள் அவை. இதைப் புரிந்துகொண்டால் கலவைக் களிம்பின் ஏமாற்று வேலை தானே விளங்கும்.

கலவைக் களிம்பு என்ன செய்கிறது?

கடையில் கிடைக்கும் இத்தகைய களிம்புகளில் பொதுவாக மூன்று அல்லது நான்கு மருந்துகள் சேர்ந்திருக்கும். பூஞ்சையை எதிர்ப்பது ஒன்று. பாக்டீரியாவை எதிர்ப்பது ஒன்று அல்லது இரண்டு. இவற்றோடு க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டு ஒன்று. இரண்டு நாளில் அரிப்பை நிறுத்துவது இந்தக் கடைசி மருந்தே. அது பூஞ்சையைக் கொல்வதில்லை. பூஞ்சையோடு போரிடும் உடலின் படையைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. போர் நின்றதால் சிவப்பும் அரிப்பும் குறைகின்றன. எதிர்ப்பு இல்லாத நிலத்தில் பூஞ்சை அமைதியாகப் பரவுகிறது. களிம்பை நிறுத்தியதும் எதிர்ப்பாற்றல் மீண்டும் விழித்துக்கொள்ள, முன்னைவிடப் பெரிய பரப்பில் அரிப்பு எழுகிறது. நோயாளி மீண்டும் அதே குழாயை நாடுகிறார்.

இவ்வாறு சில சுற்றுகள் கடந்தபின் நோயின் தோற்றமே மாறிவிடுகிறது. தெளிவான வட்ட விளிம்பு மறைந்து, வட்டத்துக்குள் வட்டமாகவோ வடிவமற்ற செம்படலமாகவோ அது தெரியும். பழகிய மருத்துவரையும் அது குழப்பக்கூடும். மேலும், தொடை இடுக்கின் தோல் இயல்பிலேயே மெல்லியது. மடிப்புக்குள் அடைபட்டிருப்பதால் அங்கே தடவும் ஸ்டீராய்டு மற்ற இடங்களைவிட மிகுதியாக உட்செல்கிறது. சில வாரங்களிலேயே தோல் மேலும் மெலிந்து, பிரசவித்த தாயின் வயிற்றில் காண்பவை போன்ற வரிகள் தொடையில் தோன்றுகின்றன. படர்தாமரை தீர்ந்தாலும் இந்த வரிகள் முற்றாக மறைவதில்லை.

ஒருவரின் ஏழு வாரங்கள்

மருத்துவம் நடக்கும் முறையை விளக்க ஒரு நோயாளியைச் சொல்கிறோம். பலரிடம் கண்டவற்றை ஒருவர்மேல் வைத்துச் சொல்லும் சித்திரம் இது. அவருக்கு வயது 38. உணவகத்தில் பரோட்டாக் கல்லின் முன் நாள்தோறும் 10 மணி நேரம் நிற்பவர். இரு தொடை இடுக்குகளிலும், பிட்டத்திலும், இடுப்பைச் சுற்றியும் ஐந்து மாதங்களாகத் தடிப்பு. மாதம் ஒரு 15 கிராம் கலவைக் களிம்பு வாங்கித் தடவி வந்தார். தொடையின் உட்புறத்தில் செந்நிற வரிகள் விழுந்திருந்தன. கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண்ணும் இருந்தது. அதுவும் பல வேளைகளில் இதே பூஞ்சையின் வேலைதான். உள்ளாடையைக் கால்வழியே ஏற்றும்போது பாதத்திலிருந்து இடுக்குக்குப் பூஞ்சை பயணம் செய்கிறது.

முதலில் செய்தது சோதனை. தடிப்பின் விளிம்பிலிருந்து செதில்களை மெல்லச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலின் சில துளிகளை விட்டோம். கெரட்டின் கரைந்து தெளிந்தபின் நுண்ணோக்கியில் பார்த்தால் கிளைத்துச் செல்லும் பூஞ்சை இழைகள் தெரியும். வலியற்ற எளிய சோதனை இது. பெரும்பாலும் அன்றே முடிவு தெரிந்துவிடும். இடுக்கில் காணும் சிவப்பு அனைத்தும் படர்தாமரை அன்று என்பதால் இது தேவைப்படுகிறது. கேண்டிடா என்னும் மற்றொரு வகைப் பூஞ்சை, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, மடிப்பின் ஆழத்தில் ஈரமான செம்புண்ணையும் சுற்றிலும் சிதறிய சிறு கொப்புளங்களையும் உண்டாக்கும்; விதைப்பையையும் அது விடுவதில்லை. படர்தாமரையோ பொதுவாக விதைப்பையை விட்டுவிடும். சொரியாசிஸ், சோப்பு அல்லது துணியால் வரும் ஒவ்வாமை, பாக்டீரியாத் தொற்று ஆகியவையும் இவ்விடத்தில் சிவப்பைத் தரும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அவருக்கு இழைகள் தெரிந்தன. இரத்தச் சர்க்கரை இயல்பாக இருந்தது. பரப்பு மிகுதியாக இருந்ததாலும், ஸ்டீராய்டு நெடுநாள் தடவியிருந்ததாலும், களிம்போடு உள்மருந்தும் தேவைப்பட்டது. கல்லீரல் சோதனை செய்தபின் இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தோம். அதை வயிறு நிறைய உண்டவுடன் விழுங்க வேண்டும்; வெறும் வயிற்றில் அது சரிவர உட்கிரகிக்கப்படுவதில்லை. நெஞ்செரிச்சலுக்காக அவர் தினமும் ஒமெப்ரசோல் எடுத்துவந்தார். வயிற்றின் அமிலம் குறைந்தால் அந்தக் கேப்ஸ்யூலின் பயனும் குறைந்துவிடும் என்பதால் அதை நிறுத்தச் சொன்னோம். இதய வலிமை குன்றியவர்களுக்கும், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் மாத்திரை உண்பவர்களுக்கும், கருவுற்றவர்களுக்கும் இந்த மருந்து ஆகாது. வீட்டில் ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை மற்றவர் உண்ணக்கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

களிம்பாக, பூஞ்சை எதிர்ப்பு மருந்து ஒன்று மட்டும் உள்ள களிம்பைக் கொடுத்தோம். இங்கே அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் தவறுவது இவ்விடத்தில்தான். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம் இருக்கும். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள பரப்புக்கு அது போதும். தடிப்பின்மேல் மட்டுமன்றி, அதன் விளிம்புக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும். ஏனெனில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி ஏற்கெனவே சென்றிருக்கும். அவ்வாறு கணக்கிட்டால் அவருடைய பரப்பு ஆறு உள்ளங்கை. ஒரு வேளைக்கு மூன்று விரல்நுனி, அதாவது ஒன்றரை கிராம். இரு வேளைக்கு மூன்று கிராம். 30 கிராம் குழாய் பத்து நாளில் தீர்ந்துவிடும். ஒரு மாதத்துக்கு மூன்று குழாய் வேண்டும். அவரோ அதுவரை மாதம் ஒரு 15 கிராம் குழாயை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். எவ்வளவு நல்ல மருந்தாயினும் அந்த அளவில் வேலை செய்யாது.

ஸ்டீராய்டை நிறுத்தியதும் நேரக்கூடியதை முன்கூட்டியே சொல்லிவிட்டோம். முதல் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை அரிப்பும் சிவப்பும் முன்னைவிடக் கூடலாம். அது புதிய மருந்து ஒத்துக்கொள்ளாததன் அறிகுறி அன்று. அடக்கி வைத்திருந்த எதிர்ப்பாற்றல் திரும்பி வருவதன் விளைவு. அதைத் தாங்க இரவில் செட்டிரிசின் மாத்திரை கொடுத்தோம். இந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டால், ஐந்தாம் நாள் நோயாளி பழைய குழாய்க்கே திரும்பிவிடுவார்.

இரண்டாவது இடறல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் நாள் வருகிறது. அரிப்பு முற்றும் நின்றுவிட்டது. இனி மருந்து எதற்கு என்று தோன்றும். மருந்து பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆனால் பூஞ்சை குடியிருக்கும் மேல்தோல் அடுக்கு உதிர்ந்து, கீழிருந்து தூய தோல் மேலெழப் பல வாரங்கள் ஆகும். அதுவரை காவல் வேண்டும். ஆகவே தடிப்பு முழுவதும் மறைந்த பின்னும் களிம்பை இரண்டு வாரம் தொடரச் சொல்கிறோம்.

நான்காம் வாரம் அவர் வந்தபோது பெரும்பகுதி தட்டையாகியிருந்தது. பிட்டத்தில் ஒரு விளிம்பில் மட்டும் செதில் இருந்தது. அதில் இழைகளும் தெரிந்தன. மேலும் மூன்று வாரம் தொடர்ந்தோம். ஏழாம் வாரச் சோதனையில் இழை இல்லை. தடிப்பு இருந்த இடம் கருத்திருந்தது. அந்தக் கருமை நோய் அன்று. சில மாதங்களில் மங்கும். தொடையில் விழுந்த வரிகள் மட்டும் தங்கிவிட்டன.

வீடு முழுவதும் ஒரே நாளில்

அவர் குணமடைந்ததில் மாத்திரைக்கு உள்ள பங்கு அவருடைய வீட்டுக்கும் உண்டு. முதல் நாளே குடும்பத்தினரை அழைத்து வரச் சொன்னோம். மனைவியின் இடுப்பில் புடவை கட்டும் இடத்திலும், ஒன்பது வயது மகனின் பிட்டத்திலும் வட்டங்கள் இருந்தன. ஒருவர் தேறும்போது மற்றவரிடமிருந்து மீண்டும் தொற்றாதிருக்க, மூவருக்கும் ஒரே நாளில் மருத்துவம் தொடங்கினோம். பரப்பு சிறிதாக இருந்ததால் தாய்க்கும் மகனுக்கும் களிம்பு மட்டுமே போதுமானதாயிற்று.

தந்தையும் மகனும் இடுப்பில் அரைஞாண் கயிறு அணிந்திருந்தனர். வழக்கத்தையும் நம்பிக்கையையும் நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் எப்போதும் ஈரம் கோத்திருக்கும் அந்தக் கயிறு பூஞ்சைக்கு நல்ல இருப்பிடம். நோய் தீரும் வரை கழற்றி வைத்து, தீர்ந்தபின் புதிய கயிறு அணியுமாறு கேட்டுக்கொண்டோம், இசைந்தனர். ஒவ்வொருவருக்கும் தனித் துண்டு. உள்ளாடைகளையும் துண்டுகளையும் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் உலர்த்துதல். மழை நாளில் உலராத உள்ளாடையை அப்படியே அணியாமல் இஸ்திரி போட்டு அணிதல். குளித்தபின் இடுக்கை ஒற்றித் துடைத்து, ஈரம் நீங்கியபின்னரே களிம்பு தடவுதல். காலுறை அணிபவர் முதலில் காலுறையை அணிந்து பின்னர் உள்ளாடையை அணிதல். அவர்கள் மாற்றிக்கொண்டவை இவ்வளவே. கிருமிநாசினிச் சோப்போ, அரைத்த பூண்டோ தேவையில்லை. பூண்டு அந்த மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடும்.

எங்கள் நிலைப்பாடு

வீரியமிக்க ஸ்டீராய்டு களிம்புகள் மருத்துவர் சீட்டின்றி விற்கப்படக் கூடாதவை. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகளை ‘ஷெட்யூல் எச்’ பட்டியலின்கீழ்க் கொண்டுவந்தது. ஆயினும் நோயாளிகள் எங்கள் மேசைமேல் வைக்கும் குழாய்களில் பெரும்பாலானவை சீட்டின்றி வாங்கப்பட்டவை. விதி தாளில் இருக்கிறது. கடை மேசையில் இல்லை.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. அதைப் புறக்கணிப்பது நேர்மையன்று. நாட்கூலி பெறுபவருக்கு மருத்துவமனைக்கு வருவது ஒரு நாள் வருமான இழப்பு. மருந்துக் கடை தெருமுனையில் இருக்கிறது, கட்டணம் இல்லை, கூச்சமான இடத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. சீட்டு இல்லாமல் கொடுக்காதே என்றால் ஏழை என்ன செய்வார் என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் நோயாளி ஐந்து மாதம் வாங்கிய ஐந்து குழாய்களின் பயன் என்ன? நோய் ஒருவரிடமிருந்து மூவருக்குப் பரவியது. இரண்டு வாரம் வெறும் பூஞ்சைக் களிம்பு தடவி, ஒருமுறை மருத்துவரைப் பார்த்து முடித்திருக்கக்கூடிய செலவு, ஏழு வார மாத்திரையாகவும் சோதனையாகவும் வளர்ந்தது. கலவைக் களிம்பு மலிவானது என்பது முதல் வாரக் கணக்கு மட்டுமே.

மற்றோர் ஆபத்தும் உண்டு. முன்பு டெர்பினாஃபைன் என்னும் மருந்து படர்தாமரையை எளிதில் தீர்த்துவந்தது. இன்று இந்தியாவில் பரவியுள்ள ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’ என்னும் பூஞ்சையின் பல வகைகளுக்கு அம்மருந்து சரிவர வேலை செய்வதில்லை. வேறு நாடுகளிலும் இப்பூஞ்சை கண்டறியப்பட்டுள்ளது. பயன்படும் மருந்துகள் சிலவே இருக்கும்போது, அவற்றை அரைகுறை அளவிலும் தவறான கலவையிலும் வீணாக்குவது நம் எல்லோருக்கும் இழப்பு.

ஆகவே மூவரிடம் மூன்று வேண்டுகோள்கள். மருந்தாளுநர்களே, இடுக்கில் அரிப்பு என்று வருபவருக்கு ஸ்டீராய்டு கலந்த குழாயை எடுத்துக் கொடுக்காதீர்கள். எம் துறை சாராத மருத்துவ நண்பர்களே, நோய் எது என்று உறுதியாகாதபோது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கலவையை எழுதுவது பாதுகாப்பான வழியன்று. ஒரு சுரண்டல் சோதனைக்கு அனுப்புங்கள். நோயாளிகளே, உடனே மருத்துவரைக் காண இயலாத நிலையில் ஏதேனும் வாங்கியே தீர வேண்டுமென்றால், க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்து ஒன்று மட்டும் உள்ள களிம்பைக் கேளுங்கள். உறையில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர் ஏதேனும் இருக்கிறதா என்று கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அவ்வாறு இரண்டு வாரம் சரியான அளவில் தடவியும் குறையாவிட்டாலும், உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவினாலும், நீர் வடிந்தாலும், சீழோ காய்ச்சலோ கண்டாலும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளும், கருவுற்றவர்களும், கைக்குழந்தைகளின் பெற்றோரும் கடையில் வாங்கித் தடவிப் பார்க்காமல் தொடக்கத்திலேயே வருவது நல்லது.

வரும்போது இதுவரை தடவிய குழாய்கள் அனைத்தையும், தீர்ந்துபோனவை உட்பட, எடுத்து வாருங்கள். அன்று காலை களிம்போ பவுடரோ போடாதீர்கள். சுரண்டி எடுக்கும் செதிலில் அவை கலந்தால் இழை தெரியாமல் போகலாம். வீட்டில் வேறு யாருக்கேனும் அரிப்பு இருந்தால் அவரையும் உடன் அழைத்து வாருங்கள். கூச்சம் வேண்டாம். இந்த இடத்தை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். எங்களுக்கு அது தோலின் ஒரு மடிப்பு மட்டுமே.